பெர்குளோரிக் டைட்ரேஷன்: மெட்ரோனிடசோல் அசே 101-ஐத் தாண்டுகிறது, எங்கே தப்பு?

க்யூசி_சேலம்
0.1 மோலார் பெர்குளோரிக்கை காலையில் ஏசி அறையில், 24 டிகிரியில், கே.எச்.பி. வைத்து ஸ்டாண்டர்டைஸ் செய்தோம், 0.1002 வந்தது. மதியம் ஏசி இல்லாத வெட் லேபில், 33 டிகிரி. உலர்த்திய மெட்ரோனிடசோல் 340 மி.கி., கிளேசியல் அசிட்டிக் 50 மி.லி., பொட்டென்ஷியோமீட்டர். பிளாங்க் கழித்து 20.04 மி.லி., அசே 101.1%. லிமிட் 99.0–101.0. ஜம்ப் கூர்மையாகத்தான் இருக்கிறது.

கருப்பூர்_கெமிஸ்ட்
ஈரம்தான். அசிட்டிக் அமிலத்தில் தண்ணீரும் காரமாக நடந்து பெர்குளோரிக்கைக் குடிக்கும். அசிட்டிக் அன்ஹைட்ரைடைக் கூட்டிப் போடுங்கள்.

பியூரெட்
தண்ணீர் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஈரம் இருந்தால் முதலில் ஜம்ப் படுத்துவிடும். இங்கே அது கூர்மையாக இருக்கிறது. அன்ஹைட்ரைடைக் கூட்டவும் வேண்டாம். ஒரு லிட்டருக்குப் போடும் 8.5 மி.லி. 72% அமிலத்திலுள்ள தண்ணீரைத் தீர்க்க ஏறக்குறைய 21 மி.லி. போதும், 25 போடுகிறோம். மிச்சம் கூடினால், அதே பாட்டிலில் பிரைமரி, செகண்டரி அமீன் மருந்துகளைப் பார்க்கும்போது அவை அசிட்டைலேட் ஆகி அசே குறையும். இன்னொன்று: பெர்குளோரிக்கை முதலில் அசிட்டிக் அமிலத்தில் கலந்து, பிறகுதான் அன்ஹைட்ரைடைக் குளிரவைத்தபடி சிறிது சிறிதாக விட வேண்டும். இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கலாம்.

உங்களுக்கு வந்தது வெயிலின் வேலை. அசிட்டிக் அமிலம் ஒரு டிகிரிக்கு 0.0011 பங்கு விரியும், தண்ணீரைவிடப் பல மடங்கு. விரிந்த கரைசலின் ஒவ்வொரு மி.லி.யிலும் அமிலம் குறைவு, அதனால் அதிக மி.லி. இறங்குகிறது.

`Vc = V × [1 + 0.0011 × (t1 − t2)]`

t1 ஸ்டாண்டர்டைஸ் செய்த வெப்பநிலை, t2 அசே செய்தது. 20.04 × (1 − 0.0099) = 19.84 மி.லி. ஒரு மி.லி.க்கு 17.12 மி.கி. என்று போட்டால் 100.1%.

சேர்வராயன்
நாங்கள் ஏற்காட்டில். மார்கழிக் காலையில் கிளேசியல் அசிட்டிக் பாட்டில் பாதி உறைந்து கிடக்கிறது. மேலே இருக்கும் திரவத்தை ஊற்றிப் பயன்படுத்தலாமா?

பியூரெட்
கூடாதுங்க. 16.6 டிகிரியில் முதலில் உறைவது சுத்தமான அமிலம், ஈரமெல்லாம் உறையாத மிச்சத் திரவத்தில் சேர்ந்திருக்கும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து முழுவதும் உருக்கி, நன்றாகக் குலுக்கிவிட்டு எடுங்கள். டைட்ரன்ட் உறைந்தாலும் அப்படியே, ஆனால் அதை மறுபடி ஸ்டாண்டர்டைஸ் செய்யாமல் நம்பாதீர்கள். கீழே சேலத்தில் 34 டிகிரியில் போட்ட ஃபாக்டரை மேலே 20 டிகிரியில் அப்படியே எடுத்தால் அசே 1.5% குறைந்து காட்டும்.

க்யூசி_சேலம்
ஒரு சந்தேகம் சார். 33 என்பது அறை வெப்பநிலை. பாட்டில் ஏசி அறையிலிருந்து அப்போதுதான் வந்தது.

பியூரெட்
அப்படியானால் 100.1-ஐ எழுதிவிடாதீர்கள் தம்பி. கணக்கில் வர வேண்டியது பியூரெட்டில் உள்ள கரைசலின் வெப்பநிலை. அது 29 ஆக இருந்திருந்தால் அசே 100.6-க்குத்தான் இறங்கும். வெட் லேபிலேயே பாட்டிலைச் சில மணி நேரம் வைத்து, தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பார்த்து, கே.எச்.பி.யையும் மருந்தையும் அடுத்தடுத்து டைட்ரேட் செய்யுங்கள். அப்போதும் கூடுதலாகவே நின்றால் கே.எச்.பி.யைச் சந்தேகப்படுங்கள்: 120 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்தினீர்களா? ஈரமான கே.எச்.பி. ஃபாக்டரை உயர்த்தி, அசேயையும் சேர்த்தே உயர்த்தும்.

க்யூசி_சேலம்
டெசிகேட்டரில் இருந்ததை அப்படியே எடுத்தோம். உலர்த்திவிட்டு எண்களைப் போடுகிறேன்.