கலைச்சொல்: விடுதி பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்பதற்கு என்ன எழுதுவது?

குமுளி, விடுதி நடத்துபவர்:

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் தங்குகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்காரர்கள். அதனால் பில்லைத் தமிழிலும் அடிக்கத் தொடங்கினோம். போன வாரம் மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று கிளம்பும்போது பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றது. பில் இதுதான்:

```
அறை 2 நாள்            5,600.00
எக்ஸ்ட்ரா பெட் 2 நாள்   1,000.00
உணவு                 1,240.00
சேவைக் கட்டணம்         124.00
மத்திய சேவை வரி        199.10
மாநில சேவை வரி         199.10
இதர                  1,000.00
மொத்தம்              9,362.20
```

"சேவைன்னு மூணு இடத்துல போட்டு மூணு தடவை வாங்குறீங்களே" என்று அந்த அம்மா கேட்டார். அவர் படித்தது சரிதான். ‘மத்திய சரக்கு மற்றும் சேவை வரி’ என்பது அந்தச் சிறிய தாளில் அடங்காது. எங்கள் பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது, எழுத்தைப் படமாக்கித்தான் அனுப்புகிறோம். பதினெட்டு எழுத்துக்கு மேல் போனால் அடுத்த அடிக்கு இறங்கி, தொகை வேறொன்றுக்கு நேராக நிற்கும். அதனால் சுருக்கினேன். சுருக்கியதில் எங்கள் கல்லாவுக்கு வரும் 124 ரூபாயும் அரசாங்கத்துக்குப் போகும் 398 ரூபாயும் ஒரே இனமாகிவிட்டன. ‘சேவைக் கட்டணம்’ என்பதற்கு வேறு சொல் வேண்டும். உதவுங்கள்.

தேவிகுளம், ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

தம்பி, ‘உபசரிப்புக் கொடை’ என்று வையுங்கள். கட்டணம் என்றால் கட்டியே ஆக வேண்டும் என்ற பொருள் வரும். கொடை என்றால் கொடுப்பவர் மனம். ‘சேவை’ என்ற சொல்லை அந்தத் தாளிலிருந்தே எடுத்துவிடலாம். ஜிஎஸ்டி என்றால் இன்று யாருக்குத்தான் தெரியாது? அதை ஜிஎஸ்டி என்றே விடுங்கள்.

தேனி, பயண வேன் ஓட்டுபவர்:

நல்லா கேட்டீங்க அண்ணே. எனக்கும் இதே சண்டை உண்டு. நான் தமிழ்நாட்டுக்காரன், பார்ட்டியும் தமிழ்நாடு. கேரளாவுக்கு மாநில வரி நான் ஏன் கட்டணும்? வெளிமாநிலம்னா ஐஜிஎஸ்டி தானே போடணும்? சொல்லை மாத்துறதுக்கு முன்னாடி வரியைச் சரியா போடச் சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறை, கணக்கர்:

வேன்காரத் தம்பிக்கு முதலில். பொருளை எல்லை தாண்டி அனுப்பினால் நீங்கள் சொல்வது பொருந்தும். தங்குமிடத்துக்குக் கட்டிடம் எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு. குமுளியில் தூங்கினால் தூங்குபவர் எந்த ஊராக இருந்தாலும் மத்திய அரசுக்குப் பாதி, கேரளத்துக்குப் பாதி. ஐஜிஎஸ்டி வராது. ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நல்ல குறிப்பு கிடைக்கிறது. ‘மாநில’ என்று படித்ததும் தமிழ்நாட்டுக்காரர் தன் மாநிலத்தை நினைக்கிறார். ‘கேரளப் பங்கு’ என்று எழுதினால் அந்தக் குழப்பம் தீரும். இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டலாமா என்றால் கூடாது, தனித்தனியாகத்தான் காட்ட வேண்டும். ‘ஜிஎஸ்டி மத்தியப் பங்கு 2.5%’, ‘ஜிஎஸ்டி கேரளப் பங்கு 2.5%’ என்று போட்டால் ஐந்து சதவீதத்தின் இரண்டு பாதி என்று தெரிந்துவிடும், இரண்டு வரி என்று தோன்றாது. நாள் வாடகை 7,500க்குள் இருக்கும் அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5% தான். அதற்கு முன் 12%. பழைய பில்லை வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

இனி அந்த 124. இதில் சொல்லை விடப் பெரிய சிக்கல் இருக்கிறது. உணவு 1,240க்குப் பத்து சதவீதம் நீங்களாகவே சேர்த்திருக்கிறீர்கள். அதன் மேல் ஐந்து சதவீத வரி 6.20 வேறு. ஆக விருந்தினருக்குச் செலவு 130.20.

கம்பம், அச்சகம் வைத்திருப்பவர்:

சர்வீஸ் சார்ஜையே தடை செய்துவிட்டார்களே ஐயா. தடை செய்த ஒன்றுக்குத் தமிழ்ச் சொல் எதற்கு? நான் பில் புத்தகத்திலிருந்து அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறை, கணக்கர்:

பாதி சரி. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது, விருப்பம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதுதான். விருந்தினர் தாமாகக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. டீச்சருக்கும் ஒரு சொல்: அதே அறிவுரையில் வேறு எந்தப் பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. வழக்கு நடந்தபோது 2023இல் ஒரு விடுதிச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு ‘ஊழியர் பங்களிப்பு’ என்ற பொருளில் பெயரை மாற்றச் சொல்லி, பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடு செய்தது. கடைசியில் 2025 மார்ச் 28 தீர்ப்பில் ஆணையத்தின் அறிவுரை செல்லும் என்று சொல்லிவிட்டது. அதனால் ‘கொடை’ என்று எழுதி 124ஐ நாமே நிரப்பினால் சொல்லும் பொய்யாகும், பில்லும் தவறாகும்.

தேவிகுளம், ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. நான் சொல்லை மட்டும் பார்த்தேன். அப்படியானால் மொத்தத்துக்குக் கீழே, தொகை போடாமல், ‘ஊழியர்க்கு: உங்கள் விருப்பம்’ என்று வெற்றிடம் விடலாம்.

குமுளி, விடுதி நடத்துபவர்:

டீச்சர், கல்லாவில் இருக்கும் பையன்கள் மலையாளிகள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். ‘விருப்பம்’ அவர்கள் வாயில் வராது, ‘இஷ்டம்’ உடனே வரும், நம் ஆட்களுக்கும் புரியும். ‘வரி’ என்றால் அவர்களுக்கு வரிசை. மலையாளத்தில் நிகுதி என்பார்கள். போன மாதம் ஒரு பையன் ‘வரி’ என்பதைக் காட்டி, பில்லில் இது எத்தனையாவது வரி என்று விருந்தினருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். ‘கொடை’யும் இங்கே சரிவராது, கேட்டவன் குடை என்று நினைப்பான்.

தேவிகுளம், ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

பில்லைப் படிப்பவர் தமிழர். அவருக்காகத்தான் சொல். பையன்களுக்கு ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால் ‘விருப்பம்’ வராதா? ‘இஷ்டம்’ எனக்குப் பேச்சில் சரி, அச்சில் மனம் ஒப்பவில்லை.

கொழிஞ்சாம்பாறை, கணக்கர்:

அது உங்கள் இருவர் பாடு. எங்கள் பக்கம் ‘சேவை’ போனதே எனக்குப் போதும். இங்கே சேவை என்றால் இடியாப்பம் மாதிரி ஒரு பலகாரம். உணவுக்கு அடியில் ‘சேவை’ என்று பார்த்தால் பெரியவர்கள் யார் சாப்பிட்டது என்று வீட்டுக்குள்ளேயே கேட்பார்கள்.

அந்த ‘இதர 1,000’ என்ன?

குமுளி, விடுதி நடத்துபவர்:

ஜீப்புக்கு அவர்களுக்காக நான் கொடுத்தது 950. ஏற்பாடு செய்ததற்கு 50.

கொழிஞ்சாம்பாறை, கணக்கர்:

இரண்டையும் பிரியுங்கள். 950 உங்கள் வருமானம் இல்லை. கொடுத்ததை அப்படியே வாங்கினால், ஜீப்காரரின் சீட்டு கையில் இருந்தால், அதன் மேல் நீங்கள் வரி போட வேண்டியதில்லை. 50 உங்கள் கட்டணம், அது வரிக்குள் வரும். ஒன்றாகக் கலந்து ‘இதர’ என்று போட்டால் விருந்தினருக்கும் புரியாது, தணிக்கையில் ஆயிரமும் உங்கள் வருமானமாகத் தெரியும். ‘இதர’ என்ற சொல்லையே பில்லில் வைக்காதீர்கள்.

கம்பம், அச்சகம் வைத்திருப்பவர்:

950க்கு ‘உங்களுக்காகக் கொடுத்தது: ஜீப்’ என்று போடலாமா? இரண்டு அடி ஆகும், ஆனால் தொகையை இரண்டாவது அடிக்கு நேராக நிறுத்தித் தருகிறேன். ‘எக்ஸ்ட்ரா பெட்’டை என்ன செய்ய? கூடுதல் கட்டில் என்றால் கட்டில் எங்கே என்று கேட்பார்கள், நீங்கள் தருவது மெத்தை.

குமுளி, விடுதி நடத்துபவர்:

‘கூடுதல் மெத்தை’ சரி, அதுதான் தருகிறோம். நாளை முதல் 124ஐ நானாகச் சேர்ப்பதை நிறுத்துகிறேன். அந்தக் குடும்பத்துக்கு 130.20ஐத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஜீப் ஏற்பாட்டுக் கூலி 50ஐ இனி வாங்கப் போவதில்லை. அடிக்கப்போவது இது:

```
அறை 2 நாள்            5,600.00
கூடுதல் மெத்தை 2 நாள்   1,000.00
உணவு                 1,240.00
ஜிஎஸ்டி மத்தியப் பங்கு    196.00
ஜிஎஸ்டி கேரளப் பங்கு     196.00
உங்களுக்காகக் கொடுத்தது:
ஜீப்                    950.00
மொத்தம்              9,182.00
ஊழியர்க்கு (      ):
```

அடைப்புக்குள் விருப்பமா இஷ்டமா என்று டீச்சர் இன்னும் யோசிக்கட்டும். முதல் நூறு தாளை அந்த இடத்தைக் காலியாக விட்டே அடிக்கிறேன்.