ஒரே சொல்லில் முழு வாக்கியம்: நேரில் கேட்டவர்கள் சொல்லுங்கள்

ரொறன்ரோ தாதி: கனடாவின்ர வடக்கில, நுனாவுட் பக்கம் இகாலுயிட்டில கொஞ்சக் காலம் வேலை செய்தனான். காது பார்க்க வந்த ஒரு அம்மா அங்கத்தை இனுக்டிட்டுட் மொழியில ஒரே மூச்சில 'துஸாட்ஸியாருன்னங்ஙிட்டுவாலூயுங்கா' எண்டா. மொழிபெயர்ப்பாளர், "எனக்குச் சரியாக் காது கேக்குதில்லை எண்டு சொல்லுறா" எண்டார். பிறகு பிரிச்சுக் காட்டினார்: துஸா கேள், ட்ஸியா நல்லா, ருன்னா முடியும், ங்ஙிட் இல்லை, டுவாலூ மிகவும், யுங்கா நான். முடியும் எண்ட துண்டு உண்மையில 'யுன்னாக்'. முன்னுக்கு இருக்கிற மெய்யோட சேர்ந்துதான் 'ருன்னா' ஆகுதாம். அதாலதான் வெட்டுற இடம் காதுக்குப் பிடிபடுதில்லை.

மதுரைக்காரன்: இதுல என்னங்க ஆச்சரியம்? 'வந்துகொண்டிருந்திருப்பார்கள்'னு நாமளும் சொல்றோமே. தமிழும் இந்த வகைதான்.

வேர்ச்சொல்: பாதி சரி. வினைக்குப் பின்னால் விகுதிகளை அடுக்குவது நமக்கும் உண்டு. செயப்படுபொருளையே வினை விழுங்குவதுதான் வேறு. மெக்சிகோவின் நாவாட்ல் மொழியில் 'நிக்குவா இன் நாகட்ல்' என்றால் 'அந்த இறைச்சியைத் தின்கிறேன்'. 'நி' நான், 'க்' அதை, 'குவா' தின். 'நிநாகாகுவா' என்றால் பொதுவாக 'இறைச்சி தின்கிறேன்', அதாவது அசைவக்காரன். 'நாகா' உள்ளே வந்ததும் 'அதை' போய்விட்டது. எந்த இறைச்சி என்ற சுட்டும் போய்விட்டது. மொழியியலாளர் எட்வர்ட் சப்பீர் 1911-இல் எடுத்துக்காட்டியது இது.

மதுரைக்காரன்: அப்போ 'கைவிட்டேன்'? கை வினையோட ஒட்டியிருக்கே.

வேர்ச்சொல்: நல்ல கேள்வி. நெருங்கி வருகிறது. ஆனால் நமக்கு 'ஏன்' கடைசியில் நிற்பதால், கை வினைக்கு வெளியே நிற்கிறதா உள்ளே நிற்கிறதா என்று சொல்ல முடியாது. நாவாட்லில் 'நி'க்கும் 'குவா'வுக்கும் நடுவில் பெயர் அகப்பட்டிருக்கிறது, சந்தேகமே இல்லை.

கடலோடி: வேல்ஸில் ஒரு ரயில் நிலையப் பலகை பார்த்தேன். பெயர் லான்வைர்னு ஆரம்பிச்சு முடியவே இல்லை. அதுவும் இதுதானே?

வேர்ச்சொல்: அது ஊர்ப்பெயர். வினை இல்லை, 'நான்' இல்லை.

நூக் வாசி: கிரீன்லாந்தில் 'இல்லு' வீடு, 'இல்லோகர்போக்' என்றால் அவருக்கு வீடு இருக்கிறது. ஆனால் 'கர்' தனியாக எங்குமே வராது. ஒரு பெயரில் தொற்றிக்கொண்டுதான் வரும். நாவாட்லின் 'குவா' தனியாகவும் வினையாக நிற்கிறது. இரண்டும் ஒரே வகையா? மொழியியலாளர் ஜெரால்ட் சேடாக் ஆம் என்றார். இன்னொரு மொழியியலாளர் மரியான் மிதுன் மறுத்தார். எனக்கு மிதுன் பக்கம்தான் மனம் சாய்கிறது.

வேர்ச்சொல்: எனக்குச் சேடாக் பக்கம். உள்ளே போன பெயருக்கு வெளியே நின்று அடைமொழி தர முடிகிறதே, வெறும் விகுதிக்கு அது ஏது?

ரொறன்ரோ தாதி: அந்தச் சண்டை எனக்கு விளங்கேல்லை. ஆனால் ஒண்டு பழகினேன். சொல் முடியிற இடத்தில 'இல்லை' வரும் எண்டு காத்திருக்கக் கூடாது. 'ங்ஙிட்' நடுவுக்குள்ள வந்திட்டுப் போயிடும். நோவு இருக்கோ எண்டு கேட்டிட்டு, முதல்ல அதுக்குத்தான் காது குடுப்பன்.