கதையின் ‘பீட்’டுக்குத் தமிழில் என்ன? யூடியூப் காட்டும் கோட்டுக்கு: தங்கல் வளைவா, தக்கவைப்பு வளைவா?

சு., ரங்கூன்:

எல்லோருக்கும் வணக்கம். என் பாட்டி 1942இல் ஏழு வயதில் ரங்கூனிலிருந்து புரோம் போய், அங்கிருந்து டௌங்கூப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்கு நடந்தவர், போர் முடிந்து திரும்பி வந்தவர். அவரைப் பற்றி 20 நிமிடப் படம் எடுத்து யூடியூபில் போட்டேன். இதுவரை 640 பார்வை. எந்த இடத்தில் எத்தனை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஸ்டூடியோ ஒரு கோடு காட்டுகிறதே, அதற்கு அடியில் என் காட்சிகளை வரிசையாக எழுதி வைத்துப் பார்க்கிறேன். எந்தக் காட்சி ஆளை உட்கார வைத்தது, எது எழுப்பி அனுப்பியது என்று தெரிய வேண்டும். இதைப் பற்றித் தமிழில் ஒரு குறிப்பு எழுதலாம் என்று உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே சொல் இல்லாமல் நின்றுவிட்டேன். அந்தக் கோட்டுக்கு என்ன பெயர்? கதை ஒரு படி நகரும் இடத்தைப் படக்காரர்கள் பீட் என்கிறார்களே, அதற்கு?

ர., மோல்மேன்:

தம்பி, முதலாவதற்குத் தக்கவைப்பு வளைவு. இரண்டாவதற்குக் கதைத்துடிப்பு. ரெண்டும் கேட்டதும் புரியும். கோடு எங்கே ரொம்ப விழுகிறதோ அந்தக் காட்சியை வெட்டு, எங்கே மேலே எழுகிறதோ அதைத் தூக்கி முதல் நிமிடத்தில் வை. நான் கல்யாண வீடியோக்களுக்கு அப்படித்தான் செய்கிறேன்.

வே., மொரீசியஸ்:

நல்ல கேள்வி. நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். போன தைப்பூசத்தின்போது காவடி கட்டுவதைப் படம் பிடித்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், அலகு குத்தியது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம், விரதம் பற்றிச் சொன்னது ஒருவருக்கும் இல்லை. மனத்தில் தங்குவதைத்தானே கேட்கிறீர்கள்? அதற்கு ‘நினைவிருப்பு’ போதுமே.

மு., ரங்கூன்:

வே. ஐயா சொல்வது வேறு விஷயம். இந்தக் கோடு ஞாபகத்தைக் காட்டாது, அந்த நொடியில் படம் ஓடிக்கொண்டிருந்ததா என்பதை மட்டும் காட்டும். ஆனால் ஐயாவுக்கு அந்தச் சந்தேகம் வந்ததே ஒரு நல்ல எச்சரிக்கை, நாம் வைக்கிற பெயரில் ‘பார்வை’ என்ற சொல்லும் வேண்டியிருக்கும்.

தக்கவைப்பு எனக்குச் சரிப்படவில்லை. தக்கவைப்பது படம் எடுத்தவன் வேலை, கோடு எண்ணுவதோ பார்ப்பவரை. அவர் தங்கினார், அல்லது போனார். அதனால் தங்கல் என்பேன், பார்வைத் தங்கல் வளைவு.

துடிப்பும் வேண்டாம். துடிப்பு என்றால் ஒரே சீராக வரும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இந்தப் படத்தில் ஒரு திருப்பம் 40 நொடியில் வரும், அடுத்தது நான்கு நிமிடம் கழித்து வரும்.

அப்புறம், விழுந்த இடத்தை அப்படியே வெட்டிவிடாதே. சு., எந்தக் காட்சியில் எத்தனையிலிருந்து எத்தனைக்கு இறங்கியது என்று எழுது, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சு., ரங்கூன்:

அண்ணா, நான்கு இடத்தை எழுதுகிறேன். பாட்டி தகரப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைப்பது 1:00 முதல் 3:00 வரை, 62 சதவீதத்திலிருந்து 56. ரங்கூனில் 1941 டிசம்பர் 23 குண்டுவீச்சைப் பற்றி நான் பேசுவது 3:00 முதல் 5:00 வரை, 56லிருந்து 42. கணவாயில் நடந்தது 5:00 முதல் 9:00 வரை, 42லிருந்து 38. இன்றைய தெருவும் வீடும் 15:00 முதல் 17:00 வரை, 30லிருந்து 24. பெட்டியிலும் தெருவிலும் ஆறு ஆறுதான் போயிருக்கிறது, அதனால் இரண்டும் ஒரே தரம் என்று வைத்துக்கொண்டேன்.

மு., ரங்கூன்:

அங்கேதான் ஏமாந்தாய். பெட்டிக் காட்சி தொடங்கும்போது 62 பேர் இருந்தார்கள் என்று வை, ஆறு பேர் போனால் பத்தில் ஒருவர். தெருக் காட்சி தொடங்கும்போது இருந்ததே 30, அதில் ஆறு என்றால் ஐந்தில் ஒருவர். அதுவும் 15 நிமிடம் உட்கார்ந்து கேட்டவர்கள், எளிதில் எழுந்து போகிறவர்கள் இல்லை. இரண்டு காட்சியும் இரண்டு நிமிடம்தான், ஆனால் தெரு இரு மடங்கு இழந்திருக்கிறது. கணவாய் நான்கு நிமிடம் ஓடியும் பத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் போனார்கள். உன் படத்தின் முதுகெலும்பு அதுதான்.

குண்டுவீச்சில் நான்கில் ஒருவர் போயிருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் எந்த நொடியில் போனார்கள்? யூடியூப் அனலிட்டிக்ஸ் API தரும் `audienceWatchRatio` என்ற அளவை `elapsedVideoTimeRatio` வாரியாக எடுத்தால் ஒரு படத்துக்கு 100 புள்ளி கிடைக்கும். உன் 20 நிமிடத்தில் ஒரு புள்ளிக்கு 12 நொடி. அதைவிடச் சின்ன ஷாட்டைப் பற்றி இந்தக் கோடு எதுவும் சொல்லாது, கேட்காதே.

சு., ரங்கூன்:

எடுத்துப் பார்த்தேன். 3:00இல் 56, 3:24இல் 49. போன 14இல் பாதி அந்த இரண்டு புள்ளிக்குள்ளேயே போயிருக்கிறது! திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பாட்டி பெட்டியை மூடி, “அவ்வளவுதான்யா” என்று கையை உதறுகிறார், திரை கருப்பாகிறது, மூன்று நொடி மௌனம், அப்புறம் வீணை, அப்புறம்தான் வரைபடம். படம் முடிந்துவிட்டது என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மு., ரங்கூன்:

ஆமாம், அந்தப் பாதி குண்டுவீச்சின் குற்றமில்லை, அதற்கு முந்தின முடிவின் குற்றம். மீதியைப் பார், 49லிருந்து 42, ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட, ஏழில் ஒருவர். அது உன் குரலில் வரும் வரலாற்றுப் பகுதியின் சொந்தக் கணக்கு. சுருக்கலாம், எடுத்துவிடாதே. அது இல்லாவிட்டால் அவர்கள் ஏன் நடந்தார்கள் என்பதே புரியாது.

ர., மோல்மேன்:

சரி, வெட்டு என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கணவாயில் ஒரு மேடு இருக்குமே, அதையாவது முன்னால் போடலாமா? விளம்பரம் எதுவும் நடுவில் வரவில்லையே? என் வீடியோ ஒன்றில் விழுந்த இடமெல்லாம் விளம்பரம் போட்ட இடம்தான்.

பெயருக்கு இன்னொன்று தோன்றியது. எங்கள் பக்கம் மூங்கிலுக்குள் ஒட்டரிசியை வைத்துச் சுட்டு விற்பார்கள். கணுவுக்குக் கணு நீளம் மாறும், ஆனால் கணு இல்லாவிட்டால் அரிசி உள்ளே நிற்காது. பீட்டுக்குக் கணு என்று வைக்கலாமா?

சு., ரங்கூன்:

விளம்பரம் இல்லை அக்கா. மேடு 7:12இல், 40லிருந்து 41. அங்கே பாட்டி சொல்லச் சொல்ல என் தங்கை பென்சிலால் வரைந்த பாதை வருகிறது, ஊர்ப்பெயர்களோடு. ஐந்து நொடிதான் நிற்கிறது.

மு., ரங்கூன்:

அப்படியானால் படிக்க நேரம் போதாமல் பின்னால் தள்ளிப் பார்த்திருப்பார்கள். மேடு என்றால் பிடித்தது என்று மட்டும் பொருள் இல்லை, கையில் சிக்கவில்லை என்றும் இருக்கலாம். அதை முன்னால் தூக்காதே, அடுத்த படத்தில் இப்படி ஒன்று வந்தால் 12 நொடி நிறுத்து. ஒரு சதவீத மேடு உன் 640இல் ஆறேழு பேர், அதை வைத்து ரொம்பவும் முடிவு கட்டவும் முடியாது.

கணு அருமை, ர. அதிலிருந்தே அடுத்த சொல்லும் கிடைக்கிறது. இரண்டு கணுவுக்கு நடுவில் இருப்பது கணுவிடை. அது தொடங்கும்போது இருந்தவர்களில் எத்தனை பங்கு போனார்கள் என்பது கணுவிடை இழப்பு. கோட்டைவிட இந்த எண்தான் நமக்கு வேண்டியது.

வே., மொரீசியஸ்:

கணு எங்கள் கரும்புக்கும் பொருந்தும், என் ஓட்டு அதற்கே. தங்கலில்தான் ஒரு தடை. ஒருவரே பின்னால் தள்ளி இரண்டு முறை பார்த்தால் கோடு ஏறும் என்றால், அது தங்கியவரை எண்ணவில்லை, பார்த்த தடவையை அல்லவா எண்ணுகிறது?

மு., ரங்கூன்:

உண்மை ஐயா. தொடக்கத்திலேயே பலர் திரும்பப் பார்த்தால் 100ஐத் தாண்டியும் போகும். பார்வை வளைவு என்று மட்டும் வைத்தால் மொத்தப் பார்வைக் கணக்கோடு குழம்பிவிடும். இப்போதைக்குத் தங்கலை விட்டால் எனக்கு வேறு சொல் இல்லை. யாராவது யோசியுங்கள்.

சு., ரங்கூன்:

கணு, கணுவிடை, கணுவிடை இழப்பு மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். கோட்டின் பெயருக்கு இடம் விட்டு எழுதுகிறேன். கருப்புத் திரையை இன்றிரவே நறுக்கிவிடுவேன். தெருக் காட்சியில் ஏன் ஐந்தில் ஒருவர் போனார்கள் என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை, அதன் புள்ளிகளை எடுத்து நாளைக்கு அனுப்புகிறேன்.