வொய்ட் பேலன்ஸுக்கு தமிழ்ல என்ன போடலாம்? (வீட்டுல இருந்து புடவை விக்கிறவங்களுக்கான போட்டோ கையேடு)

மீனா:

எல்லாருக்கும் வணக்கம். வீட்ல இருந்தே ஆன்லைன்ல புடவை விக்கிறவங்களுக்கு, போன் கேமராவுல எப்படி போட்டோ எடுக்கிறதுன்னு ஒரு சின்ன கையேடு எழுதிட்டு இருக்கேன். போகஸ், பேக்ரவுண்டு இதெல்லாம் அப்படியே விட்டுட்டேன், எல்லாருக்கும் புரியுது. வொய்ட் பேலன்ஸ்ல தான் வந்து நிக்குது. "கலர் வேற மாதிரி இருக்கு"ன்னு புடவை திரும்பி வர்றதுக்கு பல இடத்துல இதுதான் காரணம், அதனால இதை விட்டுட்டு போகவும் முடியாது. "வெண் சமநிலை"ன்னு போட்டு பக்கத்து வீட்டு அக்காகிட்ட படிக்க குடுத்தேன், அவங்க போட்டோவ வெள்ளையா பளிச்சுன்னு ஆக்கணும்னு புரிஞ்சுகிட்டு பிரைட்னஸ ஏத்தி வச்சுட்டாங்க. வேற நல்ல சொல் இருந்தா சொல்லுங்க.

குமார்:

"நிறத் திருத்தம்" போதுமே மேடம். எடுத்தப்புறம் எடிட்டிங்ல கலர சரி பண்றது தானே அது, Snapseed-ல ஒரு நிமிஷ வேலை.

சண்முகம்:

தம்பி சொல்றது பாதி சரி. எடுத்தப்புறமும் பண்ணலாம், ஆனா நிறத் திருத்தம்னா சிவப்ப கூட்டுறது, பச்சைய குறைக்கிறது எல்லாமே அதுக்குள்ள வந்துடும். இது வேற சமாச்சாரம். மஞ்சள் பல்பு வெளிச்சத்துலயும் வெள்ளை வேட்டி நம்ம கண்ணுக்கு வெள்ளையாத்தான் தெரியும், கண்ணு தானா பழகிக்கும். கேமராவுக்கு இன்ன வெளிச்சம் அடிக்குதுன்னு யாராவது சொல்லணும், இல்லைன்னா அதுவா ஊகிக்கணும். ஆட்டோல விட்டா ஊகம் தான்.

அந்த ஊகம் புடவைலதான் ரொம்ப தப்பும். பிரேம் முழுக்க அரக்கு கலர் துணி நிரம்பி இருந்தா போன் என்ன நினைக்கும்னா, வெளிச்சமே சிவப்பா இருக்கு போலன்னு சிவப்ப கழிச்சுடும், துணி பழுப்பா வரும். அடுத்த போட்டோல கொஞ்சம் பின்னாடி வந்து வெள்ளைச் சுவரும் தெரியிற மாதிரி எடுத்தா திரும்ப அரக்கு ஆயிடும். ஒரே புடவை, ஒரே இடம், ரெண்டு கலர். ஒரே புடவைய எடுத்த நாலு போட்டோவ பக்கத்து பக்கத்துல வச்சு புடவைய பாக்காதீங்க, தரையையும் சுவரையும் பாருங்க. அது போட்டோவுக்கு போட்டோ மாறுச்சுன்னா ஆட்டோ ஆடுதுன்னு அர்த்தம்.

செல்வி:

வணக்கம், நான் சின்னாளப்பட்டில இருந்து சுங்குடி விக்கிறேன். எனக்கு இதே பிரச்சனை தான். அரக்கு உடம்பு, வாடாமல்லி பார்டர், ஜன்னலோரம் போட்டு எடுத்தா ஜன்னல் பக்கம் இருக்கிற மடிப்புல நீலம் தட்டுது, இந்தப் பக்கம் மடிப்பு மஞ்சளடிக்குது, சாயங்காலம் தான் எடுக்க நேரம் கிடைக்கும் அதனால ஹால்ல சீலிங் லைட்டும் போட்டுத்தான் எடுப்பேன். எந்த போன் வாங்குனா கலர் கரெக்டா வரும்? இருபதாயிரத்துக்குள்ள சொல்லுங்க.

சண்முகம்:

போன் வாங்காதீங்கம்மா, முதல்ல அந்த சீலிங் லைட்ட ஆப் பண்ணுங்க. ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், மஞ்சள் எல்இடி ஒரு நிறம், ரெண்டும் ஒரே துணி மேல விழுந்தா எவ்வளவு விலை உள்ள போனா இருந்தாலும் ஒரு பக்கத்த சரி பண்ணினா மறுபக்கம் கெட்டுப் போகும்.

பகல்லயே ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. நேர் வெயில் விழாத ஜன்னலா பாத்து, அதுக்கு ரெண்டு மூணு அடி தள்ளி புடவைய போடுங்க. பக்கத்துல பச்சை பெயிண்ட் அடிச்ச சுவர் இருந்தா அந்தப் பச்சையும் துணி மேல தெறிக்கும், ஒரு வெள்ளைப் பெட்ஷீட்ட தொங்க விட்டுடுங்க. அப்புறம் கேமராவுல Pro மோடுக்கு போயி WB-ய ஆட்டோல இருந்து எடுத்து 5500 கிட்ட வைங்க. புடவையையும் ஸ்கிரீனையும் மாத்தி மாத்தி பாருங்க. போட்டோ நீலமா இருந்தா நம்பர ஏத்துங்க, மஞ்சளா இருந்தா இறக்குங்க. மேகமூட்டம்னா 6500, 7000 வரைக்கும் கூட போக வேண்டி வரும். ஒரு தடவை பொருந்திடுச்சுன்னா அந்தப் புடவையோட முந்தி, பார்டர், முழுப் படம் எல்லாத்தையும் அதே நம்பர்லயே எடுத்து முடிச்சுடுங்க.

செல்வி:

என் போன்ல Pro இல்ல ஐயா.

குமார்:

Open Camera போட்டுப் பாருங்க அக்கா, ப்ரீ தான். சில போன்ல அதுலயும் நம்பர் வைக்கிறது வராது. வரலைன்னா நான் சொன்ன Snapseed. அதுல White Balance-க்குள்ள சொட்டு மருந்து டியூப் மாதிரி ஒரு ஐகான் இருக்கும், ஒரு வெள்ளை A4 பேப்பர் புடவை பக்கத்துல வச்சு எடுத்துட்டு அந்த ஐகான பேப்பர் மேல வச்சா முடிஞ்சது.

சண்முகம்:

A4 வேண்டாம். வெள்ளையா தெரியணும்னு அந்தப் பேப்பர்ல ஒரு ரசாயனம் சேர்ப்பாங்க, ஜன்னல் வெளிச்சத்துல அது லேசா நீலமா மின்னும். கேமரா அந்த நீலத்த கழிக்கும், போட்டோ மஞ்சள் பக்கம் சாயும். போட்டோ சாமான் கடைல சாம்பல் அட்டை, அதாவது கிரே கார்டுன்னு கேளுங்க, விலை பெருசா இருக்காது. முதல் படத்துல மட்டும் அட்டைய வச்சு எடுங்க, Snapseed-ல அந்த ஐகான அட்டை மேல வச்சா வர்ற நம்பர குறிச்சு வச்சு மத்த படத்துக்கும் அதையே போடுங்க.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், வாடாமல்லி இதுக்கு அப்புறமும் கொஞ்சம் நீலமா தான் வரும். அந்த மாதிரி நிறம் போன்லயும் வாங்குறவங்க ஸ்கிரீன்லயும் முழுசா அடங்காது. லிஸ்டிங்ல "வாடாமல்லி"ன்னு எழுதியே போடுங்க. அதே மாதிரி மட்டமான எல்இடில சிவப்பே சரியா இருக்காது, அந்த வெளிச்சத்துல எடுத்த அரக்க எந்த நம்பராலயும் மீட்க முடியாது.

கார்த்தி:

சொல்லுக்கு வருவோம். கொத்தனார் ரசமட்டம் வச்சுப் பாத்துட்டு தானே வேலைய ஆரம்பிக்கிறார், அந்த மாதிரி "வெண்மட்டம்". வெண்மட்டம் பாத்தாச்சா, வெண்மட்டம் வச்சாச்சான்னு வினையாவும் நல்லா வருது.

சண்முகம்:

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு படத்துல எந்த அளவு வெளிச்சத்த வெள்ளைன்னு எடுத்துக்கணும்கிறதுக்கு வொய்ட் லெவல்னு தனியா ஒண்ணு இருக்கு. வெண்மட்டம் அதுக்குத்தான் பொருந்தும், இங்க செலவு பண்ணிட்டா அங்க என்ன போடுவீங்க?

மீனா:

அதோட மட்டம்னாலே நம்ம ஊர்ல தரம் குறைஞ்சதுன்னு தானே காதுல விழும், துணி விக்கிறவங்ககிட்ட போயி அந்த வார்த்தைய சொல்ல எனக்கு மனசு வரல. "வெண்"ல ஆரம்பிக்கிற எதுவுமே அந்த அக்கா மாதிரி வெளுக்கிற பக்கம் கொண்டு போயிடுது. நாம சமன் பண்றது வெளிச்சத்தோட நிறத்த, அப்ப "ஒளிநிறச் சமன்"? நிறமும் உள்ள இருக்கு, ஒளியால தான் பிரச்சனைங்கிறதும் உள்ள இருக்கு.

குமார்:

நீளமா இருக்கு மேடம். போன்ல WB-ன்னு தான் இருக்கும், இதப் படிச்சுட்டு அதுல எங்க போயி தேடுவாங்க?

மீனா:

WB பட்டனோட படத்த பக்கத்துலயே அச்சடிச்சுடறேன். தலைப்புல ஒளிநிறச் சமன். அப்புறம் படத்துல வேண்டாத நிறம் ஏறி நிக்கிற கலர் காஸ்ட்டுக்கு நான் "நிறச்சாய்வு"ன்னு வச்சிருந்தேன், அத அடிச்சுட்டேன், செல்வி எழுதின "நீலம் தட்டுது"வே இருக்கட்டும். "நிறம் தட்டுதல்". இதுக்கு யாருக்கும் ஆட்சேபனை இல்லையே?

சண்முகம்:

இல்ல. ரொம்ப நல்ல சொல்லு.

கார்த்தி:

தட்டுதல் சரி. ஒளிநிறச் சமனுக்கு நான் ஒத்துக்கல, பேச்சுல யாரும் அத சொல்ல மாட்டாங்க, வெண்மட்டம் தான் நிக்கும்.

செல்வி:

நேத்து லைட்ட அணைச்சுட்டு காலைல பதினொரு மணிக்கு எடுத்தேன், Open Camera-ல நம்பர் வச்சேன், ரெண்டு பக்க மடிப்பும் ஒரே அரக்கா வந்துச்சு. பார்டர் ஐயா சொன்ன மாதிரி நீலம் தட்டத்தான் செய்யுது. Snapseed-ல Temperature-க்கு கீழ Tint-னு இன்னொண்ணு இருக்கே, அத நகத்துனா பச்சையாவும் ரோஸாவும் மாறுது, அது எதுக்கு?

மீனா:

டியூப் லைட், பச்சைச் சுவர் இதெல்லாம் குடுக்கிற பச்சைய கழிக்கிறதுக்கு அது. அதுக்கும் சொல் இல்ல. நாளைக்கு தனி இழையா ஆரம்பிக்கிறேன், கார்த்தி முதல் ஆளா வாங்க.