படுகு பேசும் மாப்பிள்ளைதான் வேண்டும் என்கிறார் அப்பா: மியூனிக்கில் இருக்கும் நான் என்ன செய்வது?

கோத்தகிரி மகள்:
எனக்கு 29 வயது. நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பிறந்தவள். எங்கள் வீட்டுப் பேச்சு படுகு. ஆறு ஆண்டுகளாக மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். அங்கே உடன் வேலை பார்க்கும் விசாகப்பட்டினத்துத் தெலுங்குக்காரர் ஒருவரை மணக்க விரும்புகிறேன். அவரும் இந்துதான். "பையனிடம் வேறு குறை சொல்லவில்லை, நம் பேச்சுப் பேசுகிறவனாக இருக்க வேண்டும்" என்பது மட்டுமே அப்பாவின் பதில். ஹெத்தையம்மன் பண்டிகையை ஒட்டி நான்கு வார விடுப்பில் வருகிறேன். பெற்றோரையும் இழக்காமல், என் முடிவையும் கைவிடாமல் இருக்க வழி உண்டா?

தேயிலைத்தோட்டம்:
அம்மா, உன் அப்பா வயதுள்ளவன் எழுதுகிறேன். கேத்தி பக்கத்து ஹட்டிக்காரன். உன் அப்பா கேட்பதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதே. தமிழுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, தெலுங்குக்கு இரண்டு மாநிலங்கள் உண்டு. நம் பேச்சுக்கு எழுத்தே கிடையாது. கணக்கெடுப்பிலும் அதைக் கன்னடத்துக்குள் அடக்கித்தான் எண்ணுகிறார்கள். 2011இல் அப்படி எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,33,000 பேர். அடுப்படியில் அம்மா பேசி, திண்ணையில் தாத்தா பேசிப் பிள்ளை கற்றால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நீயும் உன் கணவரும் வீட்டில் ஆங்கிலம் பேசுவீர்கள், பிள்ளை வெளியே ஜெர்மன் பேசும், அவர் அம்மா தொலைபேசியில் தெலுங்கு பேசுவார். படுகு எந்த நேரத்தில் எந்தக் காதில் விழும்? உன் அப்பா கண்ணுக்கு முன்னால் நிற்பது மாப்பிள்ளை அல்ல, தன்னிடம் பேசத் தெரியாமல் நிற்கப் போகும் பேரப்பிள்ளை.

கூடலூர் வாசகன்:
உணர்ச்சியை ஒதுக்கிவைத்து நடைமுறையைப் பாருங்கள், சகோதரி. வேறு மொழி, வேறு சமூகம் என்பதால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படிதான் நீங்கள் மணக்க முடியும். அதற்கு 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும். நான்கு வார விடுப்பில் அது முடியவே முடியாது. எனவே பெற்றோரிடம் சொல்லாமல் அறிவிப்பை முதலில் கொடுத்துவிட்டு, அடுத்த பயணத்தில் மணந்துகொள்வதே புத்திசாலித்தனம்.

பழனிமலைக்காரர்:
தமிழ் பேசும் மாப்பிள்ளை வேண்டும் என்று பெற்றோர் கேட்பதில் என்ன தவறு என்று முதலில் எழுத நினைத்தேன். பிறகு என் வீட்டு நிலைமை நினைவுக்கு வந்து கை நின்றுவிட்டது. நான் கொடைக்கானல்காரன், என் மகன் சிட்னியில் இருக்கிறான். நாங்களே தேடி, எங்கள் மொழியிலேயே, எங்கள் ஊருக்கு இரண்டு மணி நேரத் தொலைவிலேயே பெண் பார்த்து முடித்தோம். மருமகளுக்கும் என் மனைவிக்கும் பேச்சு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு பேரும் அழகான தமிழ் பேசுகிறவர்கள். அந்த அழகான தமிழில்தான் சண்டையும் போட்டார்கள்.

குன்னூர் அக்கா:
பழனிமலை அண்ணா, அவர் அப்பா கேட்பது தமிழ் அல்ல, படுகு. இருந்தாலும் நீங்கள் சொன்னது பயனற்றது அல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கூடலூர்த் தம்பிக்கு ஒரு திருத்தம். 30 நாள் கணக்கு சரி. ஆனால் மொழியும் சாதியும் வேறு என்பதால் யாரும் அந்தச் சட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. இருவரும் இந்துக்கள் என்றால் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமே போதும், அதில் முன்னறிவிப்புக் கிடையாது. அவர் வழக்கப்படியோ உங்கள் வழக்கப்படியோ நடத்தலாம். தமிழ்நாட்டில் 1967 திருத்தத்துக்குப் பிறகு உறவினர் நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலும் செல்லும். மணம் நடந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இவை எல்லாம் நான்கு வாரத்துக்குள் அடங்கும். மாப்பிள்ளை வேறு மதத்தவராக இருந்தால்தான் 1954 சட்டம் வரும். அப்போது அறிவிப்புக்கு முன்பே இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் தங்கியிருக்க வேண்டும். நீங்கள் வேறு மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுத்தாலும், நிரந்தரமாக வசிக்கும் மாவட்டத்துக்கு ஒரு பிரதி அனுப்பி அங்கேயும் ஒட்டுவார்கள். சொல்லாமல் கொடுத்த அறிவிப்பை உங்கள் மாமா அலுவலகச் சுவரில் படிப்பார் என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு அந்த யோசனையைச் சொல்லுங்கள்.

இனித் தங்கைக்கு. சட்டம் உங்கள் சிக்கலே அல்ல. அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வியை அமைதியாகக் கேட்டுப் பாருங்கள்: "கோத்தகிரியிலேயே பிறந்து, நம்மோடு வளர்ந்து, நம் பேச்சைச் சரளமாகப் பேசும் வேறு சமூகத்துப் பையனாக இருந்தால் சம்மதிப்பீர்களா?" நம் சந்தையில் அப்படிப் பேசுகிற கடைக்காரர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா "சரி" என்றால் அவர் கேட்பது மொழி. "அது எப்படி" என்று இழுத்தால் அவர் கேட்பது வேறு ஒன்று. மொழி என்பது அதைச் சொல்ல வசதியான சொல். இரண்டுக்கும் பதில் வேறு வேறு. எது என்று தெரியாமல் தெலுங்குக்காரருக்குப் படுகு கற்றுக்கொடுத்து அழைத்துப் போனால், அந்த உழைப்பெல்லாம் தவறான கதவைத் தட்டியதாகிவிடும்.

தேயிலைத்தோட்டம்:
இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் நான் "இல்லை" என்றுதான் சொல்லியிருப்பேன். மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதைச் சாதி என்ற ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள், அம்மா. நமக்கு ஏறத்தாழ 400 ஹட்டிகள். ஒரே மூதாதையின் வழிவந்த ஹட்டிக்காரர்கள் அண்ணன் தம்பி முறை. அவர்களுக்குள் பெண் கொடுக்க மாட்டோம். ஆகவே ஒவ்வொரு கல்யாணமும் ஒரு ஹட்டியை இன்னொரு ஹட்டியோடு கட்டுகிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் யார் எந்த முறையில் வந்து நிற்க வேண்டும் என்பது அந்தக் கட்டின்படிதான். தெலுங்கு மாப்பிள்ளை வந்தால், நாளை நான் போகும்போது மருமகன் முறைக்கு நிற்க ஆள் இல்லை என்று ஹட்டியில் பேசுவார்களே என்ற பயம் எனக்கு இருக்கும். அவள் அப்பாவுக்கும் இருக்கலாம். அதை மகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கும். "பேச்சு" என்று சொல்வது எளிது.

கூடலூர் வாசகன்:
சட்ட விஷயத்தில் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஐயா சொல்வதைப் படித்தால், வெளிநாட்டில் 50 ஆண்டு வாழப் போகிற பெண், ஒருநாள் நடக்கப்போகும் ஒரு சடங்கில் யார் எங்கே நிற்பது என்பதற்காகத் துணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றாகிறது. இது நியாயமா?

தேயிலைத்தோட்டம்:
நியாயம் என்று நான் சொல்லவில்லை, தம்பி. பயம் என்று சொன்னேன்.

குன்னூர் அக்கா:
ஐயா இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்கு வணக்கம். அவர் முதலில் எழுப்பிய பேரப்பிள்ளைக் கேள்வியையும் நான் தட்டிக்கழிக்க மாட்டேன், ஏனென்றால் அதில் அவர் பெருமளவு சரி. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஏறத்தாழ 1,900 குடும்பங்களை வைத்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. அம்மா ஒரு மொழி, அப்பா ஒரு மொழி என்று பிரித்துப் பேசிய வீடுகளில் நான்கில் மூன்று பங்கு வீட்டுப் பிள்ளைகள்தான் சிறுபான்மை மொழியையும் பேசினார்கள். இருவருமே அந்தச் சிறுபான்மை மொழியைப் பேசிய வீடுகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல். ஆக, ஒரே மொழித் துணை என்பது உண்மையிலேயே ஒரு சாதகம்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: இருவரும் அந்த மொழியைப் *பேச* வேண்டும், தெரிந்திருந்தால் மட்டும் போதாது. நான் 16 ஆண்டுகள் ராட்டர்டாமில் இருந்தேன்; என் கணவர் மதுரைக்காரர். எங்கள் நெருங்கிய சொந்தத்தில் இன்னொரு குடும்பம் பெங்களூரில் இருக்கிறது, கணவன் மனைவி இருவரும் படுகர். என் மகள் தட்டுத் தடுமாறியாவது படுகு பேசுகிறாள்; அவர்கள் மகன் பேசுவதில்லை. அந்த வீட்டில் அலுவலக ஆங்கிலம் சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டது.

என் வீட்டில் எப்படி வந்தது என்றால், பெருமைக்குரிய திட்டம் ஒன்றும் இல்லை. முதல் மூன்று ஆண்டுகள் ஞாயிறுதோறும் என் அம்மாவைக் காணொளியில் அழைப்பேன். அம்மா "சாப்பிட்டாயா" என்று படுகில் கேட்பார். குழந்தை திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்கும், நான் ஆங்கிலத்தில் சொல்வேன், அது ஆங்கிலத்தில் பதில் சொல்லும், நான் அதைப் படுகில் திருப்புவேன். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கியது என்று கைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அம்மா இங்கே எண்ணெஹிட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார், அவள் அங்கே விரலை நீட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். மொழிபெயர்ப்பாளராக நடுவில் நான் உட்கார்ந்திருந்ததுதான் தடை. அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு முறை அரைமணி நேரம், நான் அறையில் இருப்பதில்லை. என் அம்மா பேச்சு நடுவே தமிழுக்குத் தாவுவார், அதையும் நிறுத்தச் சொன்னேன், கஷ்டப்பட்டார்.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் கேட்டதைப் புரிந்துகொள்வாள், சமையலறைப் பேச்சுப் பேசுவாள். ஹட்டியில் பெரியவர்கள் கூடி விவாதிப்பது அவளுக்குப் புரியாது. உங்கள் வீட்டில் மூன்றாவதாகத் தெலுங்கும் இருப்பதால் நேரம் இன்னும் குறையும். அதனால் "பிள்ளை படுகு பேசும்" என்று அப்பாவிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். "வாரத்தில் இந்த நேரம் உங்களுடையது, நான் குறுக்கே வர மாட்டேன்" என்று கொடுங்கள். அது உங்களால் காப்பாற்றக்கூடிய வாக்கு.

பழனிமலைக்காரர்:
அக்கா, மருமகள் விஷயத்திலும் நாங்கள் இதைத்தான் செய்தோம் போலும். மகன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தான், தமிழிலிருந்து தமிழுக்கு.

கோத்தகிரி மகள்:
நேற்று இரவு அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, சந்தையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மளிகைக்கடைக்காரரின் பெயரைச் சொல்லி, "அவன் நம்மைவிட நன்றாகப் பேசுவான், ஆனாலும் கொடுக்க மாட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, தேயிலைத்தோட்டம் ஐயா எழுதியதையே கிட்டத்தட்ட அதே சொற்களில் சொன்னார். ஆறு மாதத்தில் முதல் முறையாக "பேச்சு" என்ற சொல்லை விட்டுவிட்டுப் பேசினார்.

அம்மா பக்கத்தில் இருந்தார். "விசாகப்பட்டினத்துப் பையன் சாவுக்கு வருவானா, மாட்டானா, அதை அவனிடம் கேட்டாயா?" என்றார். நான் கேட்டிருக்கவில்லை. இன்று கேட்டேன், "வருவேன், என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்றார். அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சம்மதம் என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. பண்டிகைக்கு நான் வரும்போது அவரையும் அழைத்து வரலாமா என்று கேட்டேன். "பண்டிகைக்கு வேண்டாம், அது முடிந்த வாரம் வரட்டும்" என்றார்.

தேயிலைத்தோட்டம்:
பண்டிகையன்று ஊர் முழுவதும் கூடும், அதனால்தான் வேண்டாம் என்றிருப்பார். முடிந்த வாரம் என்றால் வீட்டுக்கு என்று பொருள். அந்தப் பையன் வரும்போது பெரியவர்கள் முன்னால் தலை குனிந்து நிற்கச் சொல், அம்மா. தலையைத் தொட்டு வாழ்த்துவதும் வாழ்த்தாததும் உன் அப்பா கையில் இருக்கிறது. என் நிலைப்பாடு மாறவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.