மூன்று திட்டங்கள், ஒரே பக்கக் குறிப்பு: எந்த எண்ணை மேலே போடுவது?

கோவை நூற்பாலை ஒன்றில் கம்ப்ரஸர் மாற்ற மூன்று திட்டங்கள். ஒன்றைத்தான் எடுக்க முடியும். மேலாளர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு திங்களன்று போக வேண்டும்.

தள்ளுபடி விகிதம் 12%. முதல் திட்டம்: 40 லட்சம் முதலீடு, 6 ஆண்டுகள், ஆண்டுக்கு 12.5 லட்சம் மின்செலவு மிச்சம், என்பிவி, அதாவது நிகர தற்போதைய மதிப்பு, 11.4 லட்சம். இரண்டாவது: 60 லட்சம், 10 ஆண்டுகள், 13 லட்சம் மிச்சம், என்பிவி 13.5 லட்சம். மூன்றாவதன் என்பிவி வெறும் 3.9 லட்சம், அதை விடுங்கள்.

ஆயுள் வேறுபடுவதால் என்பிவியை ஆண்டுச் சமமதிப்பாக, அதாவது ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் ஒரே தொகையாக, மாற்றிப் பார்த்தேன்: முதலாவது 2.77, இரண்டாவது 2.38 லட்சம். வரிசை தலைகீழ்! விகிதத்தை 14% ஆக்கினால் என்பிவியிலேயே முதலாவது முந்துகிறது. என்பிவி, ஆண்டுச் சமமதிப்பு இரண்டையும் அட்டவணையில் போட்டேன், படித்தவர் குழம்பிவிட்டார்.

ஆறு ஆண்டு கழித்து அதே மாதிரி இயந்திரம் மறுபடி வாங்குவோம் என்பது உறுதியில்லாதபோது, முதல் வரியில் என்பிவியை வைப்பதா, ஆண்டுச் சமமதிப்பையா?