எஸ்கலேட்டர் கணக்கில் 2 நொடி உதைக்கிறது, உதவுங்கள்

மகளின் இயற்பியல் கணக்கைச் சோதிக்க இருவரும் மெட்ரோ நிலையத்துக்குப் போனோம். எஸ்கலேட்டரில் சும்மா நின்றால் மேலே போக 40 நொடி. அதே எஸ்கலேட்டர் நின்றிருந்தபோது (அதிர்ஷ்டம்தான்!) அவள் 60 படிகளை 60 நொடியில் ஏறினாள். ஓடும்போது ஏறினால்?

இரண்டையும் சராசரி எடுத்து 50 என்றாள். நின்றாலே 40தானே, ஏறினால் எப்படிக் கூடும்? கூட்ட வேண்டியது நேரத்தை அல்ல, வேகத்தை. எஸ்கலேட்டர் நொடிக்கு 1.5 படி, அவள் 1 படி, சேர்ந்து 2.5 படி. 60 ÷ 2.5 = 24 நொடி. அதில் அவள் கால் 24 படிதான் ஏற வேண்டும்.

ஆனால் வாட்ச் காட்டியது 26 நொடி. அவள் எண்ணியது 21 படி. 26 நொடியில் எஸ்கலேட்டர் 39 படி தூக்கியிருக்கும்; 39 + 21 = 60, அது சரியாகவே இருக்கிறது. அப்படியானால் அவள் 5 நொடி ஏறாமல் நின்றிருக்கிறாள். இரு முனையிலும் படிகள் தட்டையாகிவிடும், அங்கே கொஞ்சம் தயங்கினாள் என்று நினைக்கிறேன்.

என் ஊகம் சரியா? அந்தத் தட்டைப் பகுதியை விட்டுவிட்டு, நடுவில் மட்டும் எப்படி அளப்பது? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.